உரைப்பகுதியைப் பார்க்காமலே ஆறில் நான்கு

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். இந்தத் தவணையில் பதினொரு பிள்ளைகள், எல்லோரும் தரம் 10. ஆங்கில வினாத்தாளில் அவர்களுக்குச் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, உரைப்பகுதியை வாசித்து விடை எழுதுவது. மற்றது கடிதம். கடைகளில் பயிற்சிப் புத்தகங்கள் விற்கின்றன. விடைகளும் கடைசிப் பக்கத்திலேயே இருப்பதால் பிள்ளைகள் புத்தகத்தைப் பின்னாலிருந்து வாசிக்கிறார்கள். ஆகவே பாடநூலிலிருந்து ஓர் உரைப்பகுதியை எடுத்து, ஒரு பக்கம் வாசிப்பு, மறுபக்கம் கடிதம் என்று நானே ஒரு தாள் செய்வதென்று உட்கார்ந்தேன். ஒரு சனிக்கிழமை போதும் என்றுதான் நினைத்தேன். நான்கு வாரம் பிடித்தது.

நான் எடுத்தது சதுப்பு நிலங்களைப் பற்றிய ஒரு பகுதி. ஏறக்குறைய இருநூறு சொற்கள், நான்கு பந்திகள். கொழும்புப் பிள்ளைகளுக்குச் சதுப்பு நிலம் அந்நியமானதல்ல. வடக்கே முத்துராஜவெல இருக்கிறது, தலங்கமப் பக்கம் போனால் கொக்கு நிற்கிறது. ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் 2018இல் கொழும்புக்குக் கிடைத்தபோது பத்திரிகைகளிலும் வந்தது. பொருள் பழக்கமானது என்பதால் பிள்ளைகள் சொற்களுக்குப் பயப்படமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பழக்கமே பிறகு என் காலை வாரியது.

முதலில் தட்டச்சு. பாடநூலின் பக்கத்தைப் படம் பிடித்து அப்படியே ஒட்டலாம் என்று பார்த்தேன். வண்ணப் பின்னணியில் அச்சான பக்கம் போட்டோகொப்பி இயந்திரத்தில் கறுப்பாகவே வந்தது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலியைக் கொண்டு முயன்றேன். அது 'மொடர்ன்' என்ற சொல்லை 'மொடெம்' என்று வாசித்தது. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் நெருங்கி நின்றால் எம் போலத் தெரியும் என்பதால் இப்படி நடக்கும். எழுத்துப்பிழை திருத்தியும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். நவீன நகரம் மொடெம் நகரமாகி ஒரு பிள்ளை அதற்கு விளக்கமும் கேட்டிருக்கும். பிறகு பாடநூலின் பீ.டி.எப். வடிவத்திலிருந்து நகல் எடுத்து வேர்டில் ஒட்டினேன். எழுத்துகள் சரியாக வந்தன. ஆனால் ஒவ்வொரு வரியும் தனிப் பந்தியாக உடைந்து நின்றது. இதற்கு வழி எளிது. உண்மையில் பந்தி முடியும் இடங்களில் கையால் ஓர் அடையாளம், நான் @@ போடுகிறேன். பிறகு தேடி மாற்றும் பெட்டியில் `^p` என்பதைத் தேடி அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் போட வேண்டும். கடைசியாக @@ அடையாளத்தைத் தேடி `^p` ஆக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

வரி எண் போடுவதில்தான் முதல் அடி வாங்கினேன். 'ஏழாவது வரியில் உள்ள இந்தச் சொல் எதைக் குறிக்கிறது' என்று கேட்க வேண்டுமென்றால் உரைப்பகுதியின் ஓரத்தில் 5, 10, 15 என்று எண் இருக்க வேண்டும். வேர்டில் `Layout` போய் `Line Numbers` என்பதில் `Continuous` தெரிவு செய்து, அதன் கீழுள்ள விருப்பங்களில் `Count by` என்ற இடத்தில் 5 கொடுத்தால் எண்கள் தாமாக வரும். எனக்கு வரவில்லை. அரை மணி நேரம் திட்டிவிட்டுப் பார்த்தால், சுற்றிலும் கோடு வேண்டுமென்று உரைப்பகுதியை ஒற்றைக் கட்ட அட்டவணைக்குள் வைத்திருந்தேன். அட்டவணைக்குள்ளும் எழுத்துப் பெட்டிக்குள்ளும் இருக்கும் வரிகளை வேர்ட் எண்ணாது. அட்டவணையை நீக்கிப் பந்திக்கே எல்லைக்கோடு போட்டவுடன் எண்கள் வந்தன. இப்போது கேள்விகளுக்கும் சேர்த்து எண் ஓடியது. கேள்விகளைத் தெரிவு செய்து `Paragraph` பெட்டியில் `Suppress line numbers` என்பதைக் குறித்ததும் அதுவும் நின்றது.

பென் டிரைவில் கோப்பைக் கொண்டுபோய் வீதி முனையில் உள்ள கடையில் பன்னிரண்டு பிரதி எடுத்தேன். வகுப்பில் கொடுத்தபின்தான் கண்டேன், ஏழாவது வரியில் நான் கேட்ட சொல் இல்லை. எட்டாவதில் இருந்தது. நான் பயன்படுத்திய எழுத்துரு கடைக் கணினியில் இல்லை. அது வேறொன்றைப் போட்டுக்கொண்டது, எழுத்தின் அகலம் மாறியது, வரிகள் வேறு இடங்களில் உடைந்தன. பிள்ளைகள் என்மேல் இரக்கப்பட்டு எட்டாவது வரிக்கே விடை எழுதினார்கள். அன்றிலிருந்து பீ.டி.எப். ஆக்காமல் எதையும் வீட்டு வாசற்படி தாண்ட விடுவதில்லை. கட்டங்களுக்குச் சாம்பல் நிறம் பூசுவதையும் விட்டுவிட்டேன். திரையில் அழகாக இருக்கும், பிரதியில் கரிப்புள்ளிகளாக விழும்.

இதெல்லாம் இயந்திரத்தோடு பட்ட பாடு. உண்மையான கோளாறு கேள்விகளில் இருந்தது. அது வெளிப்பட்டது தற்செயலாகத்தான்.

பக்கத்து வீட்டுப் பையன் உயர்தரம் படிக்கிறான். அச்சுப்பொறிக்கு மை நிரப்பித் தர வந்தவன் மேசையில் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தான். உரைப்பகுதி முதற் பக்கத்தில், கேள்விகள் இரண்டாம் பக்கத்தில். அவன் கையில் இருந்தது இரண்டாம் பக்கம் மட்டும். நான் தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் ஆறு கேள்விக்கும் பென்சிலால் விடை எழுதி வைத்திருந்தான். திருத்திப் பார்த்தேன், ஆறில் நான்கு சரி.

"உரைப்பகுதியை முன்பே எங்கேயாவது வாசித்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. சதுப்பு நிலத்தை நிரப்புவது நல்லதா என்று பரீட்சையில் கேட்டால் கூடாது என்றுதானே எழுத வேண்டும்? நல்லது என்று எந்தப் பாடநூல் சொல்லும்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரியா பிழையா என்ற கேள்வி, ஏன் பாதுகாக்க வேண்டும் என்ற கேள்வி, பொருத்தமான தலைப்பைத் தெரிவு செய்யும் கேள்வி ஆகிய மூன்றும் ஊரறிந்த பொது அறிவால் விழுந்துவிட்டன. நான்காவது பல்தேர்வுக் கேள்வி. அதை எப்படிப் பிடித்தாய் என்றேன். "நீளமாக இருந்ததைப் போட்டேன்" என்றான். பழைய தாள்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஒன்றில் நான்கு பல்தேர்வுக் கேள்விகளில் மூன்றுக்குச் சரியான விடையே மிக நீளமானதாக இருந்தது. இது வேண்டுமென்று செய்வதல்ல. சரியான விடையை எழுதும்போது யாரும் குறை சொல்லக்கூடாதே என்று சொற்களைச் சேர்த்துக்கொண்டே போகிறோம், பிழையான விடைகளை அவசரத்தில் நறுக்கென்று எழுதிவிடுகிறோம்.

அன்று முதல் எந்தத் தாளையும் வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் உரைப்பகுதியை மடித்து மறைத்துவிட்டு, அதை வாசிக்காத ஒருவரிடம் கேள்விகளை மட்டும் கொடுக்கிறேன். அவர் சரியாகச் சொல்லும் கேள்வி திருத்தப்பட வேண்டும், அல்லது போக வேண்டும். அக்கா, அக்காவின் மகள், ஒருமுறை தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவர் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பரீட்சை எழுதிவிட்டார்கள்.

மீதமிருந்த இரண்டு கேள்விகளையாவது நம்பலாம் என்று நினைத்தேன். அவற்றின் நோய் வேறு விதம். 'சதுப்பு நிலம் மழைநீரை என்ன செய்கிறது?' என்பது ஒன்று. உரைப்பகுதியில் 'சதுப்பு நிலம் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல வெளியே விடுகிறது' என்று ஒரு வசனம் இருக்கிறது. பதினொரு பேரும் அந்த வசனத்தை அப்படியே இறக்கி வைத்தார்கள். எல்லோருக்கும் முழுப் புள்ளி. வகுப்பில் ஒரு பையனிடம், வெளியே விடுகிறது என்பதற்கு வந்த ஆங்கிலச் சொல்லைத் தொட்டு இதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். தெரியாது என்றான். முழுப் புள்ளி எடுத்த பையன்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட அடுத்த நாள் வகுப்பில் தமிழிலேயே ஒரு வசனம் எழுதினேன்: 'கிமுளை தன் நொறுவத்தைத் தொமிளில் தெமுழியது.' இதில் எந்தச் சொல்லுக்கும் பொருள் இல்லை, நான் அங்கேயே நின்று உருட்டிய சொற்கள். கேள்விகள் கேட்டேன். கிமுளை எதைத் தெமுழியது? "நொறுவத்தை, ரீச்சர்." எங்கே தெமுழியது? "தொமிளில்." யாருடைய நொறுவம்? "கிமுளையுடையது." மூன்றுக்கு மூன்று. கிமுளை என்றால் என்ன என்று கேட்டதும் வகுப்பு சிரித்தது. கேள்விச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதே சொற்கள் உள்ள வசனத்தைத் தேடி, மீதியைக் கொப்பி பண்ணுவதுதான் அவர்கள் செய்துவந்த வேலை. அதற்கு மேல் எதையும் என் கேள்விகள் அவர்களிடம் கேட்கவுமில்லை.

ஆகவே இரண்டாவது சோதனை இது. கேள்விக்கு உரிய வசனத்தில் முக்கியமான பெயர்களையும் வினைகளையும் எடுத்துவிட்டுக் கிமுளை, நொறுவம் என்று போட்டுப் பார்ப்பேன். அப்போதும் விடை எழுத முடிந்தால் அந்தக் கேள்வி வாசிப்பைச் சோதிக்கவில்லை. அதற்காக எல்லாவற்றையும் தூக்கி எறிவதில்லை. மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கும் எட்டுகிற ஒரு படி வேண்டும் என்பதால் ஆறில் ஒன்றை இப்படியே விட்டுவைக்கிறேன். முன்பு ஆறும் அதே படியில் நின்றன.

அந்தக் கேள்வியைத் திருத்திய விதம் இது. இரண்டு ஊர்கள், இரண்டிலும் ஒரே இரவில் ஒரே அளவு மழை. முதலாவது ஊர் தன் சதுப்பு நிலத்தை வைத்திருக்கிறது, இரண்டாவது மண் போட்டு நிரப்பிவிட்டது. காலையில் எந்த ஊரின் கால்வாயில் நீர் வேகமாக ஏறியிருக்கும்? அதை உனக்குச் சொன்ன வரி எது? சதுப்பு நிலம், மழை என்பவற்றைத் தவிர இந்தக் கேள்வியின் முக்கியமான சொற்கள் எவையும் அந்த வசனத்தில் இல்லை, ஆகவே சொல்லைப் பிடித்து வசனத்தைக் கொப்பி பண்ணினால் விடை வராது. ஊரை மட்டும் கேட்டால் பக்கத்து வீட்டுப் பையன் இதையும் ஊகித்துவிடுவான். வரி எண்ணைக் கேட்பதனால் ஊகம் நிற்கிறது. இரண்டும் சரியானால்தான் புள்ளி. சரியா பிழையா கேள்விகளுக்கும் இப்போது வரி எண் கட்டாயம். நாணயம் சுண்டி எழுதினாலே பாதி சரியாகும் கேள்விக்கு வேறு காவல் கிடையாது.

இன்னொரு கேள்வி எனக்கே பிடித்துப்போனது. உரைப்பகுதியின் மூன்றாம் பந்தியில் ஒரு சிறு செய்தி ஒளிந்திருந்தது. நிரப்பிய நிலத்தில் மேடு கட்டி வீடு போட்டவர்களுக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. தாழ்வான பக்கத்தில் பல காலம் குடியிருந்தவர்களின் வீடுகளில்தான் வெள்ளம் முதலில் புகுந்தது. 'வெள்ளம் முதலில் யாருடைய வீட்டுக்குள் வந்தது?' என்று கேட்டேன். வாசிக்காதவர்கள் எல்லோரும், என் அக்கா உட்பட, நிலத்தை நிரப்பியவர்களுக்கு என்றே சொன்னார்கள். செய்தவனுக்குத்தான் வரும் என்பது நாம் வளர்ந்த நீதி. வாசித்த பிள்ளைகள் மட்டும் மற்றதைச் சொன்னார்கள். ஊகமும் உரைப்பகுதியும் பிரிகிற இப்படி ஓர் இடம் எல்லா உரைப்பகுதியிலும் கிடைக்காது. கிடைத்தால் விடக்கூடாது.

சுட்டுச்சொற் கேள்வியில் நான் இன்னும் தடுமாறுகிறேன். 'அவை எதைக் குறிக்கின்றன' என்ற வகை. பறவைகள் இந்தக் குளங்களிலுள்ள மீன்களைத் தின்கின்றன என்று ஒரு வசனம், அடுத்ததில் அவை கரையோர மரங்களில் கூடு கட்டுகின்றன என்று வருகிறது. நான்கு பிள்ளைகள் 'குளங்கள்' என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் பக்கத்தில் நின்ற பன்மைச் சொல் அதுதான். அந்த நான்கு பேருக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: நீ எழுதிய விடையை 'அவை' இருக்கும் இடத்தில் வைத்து வாசி. "குளங்கள் கரையோர மரங்களில் கூடு கட்டுகின்றன" என்று ஒருத்தி வாசித்துவிட்டுத் தானே வெட்டினாள். ஆனால் இதே தாளில் முதலில் நான் கேட்டிருந்த சுட்டுச்சொல் வேறு. நகரம் சதுப்பு நிலத்தை நம்பியிருக்கிறது, அதன் அருகே வாழ்பவர்களுக்கு அது தெரியாது என்ற மாதிரியான வசனம். 'அதன்' என்பது நகரமா சதுப்பு நிலமா? பிள்ளைகள் பாதிப் பாதியாகப் பிரிந்தார்கள். இரண்டையும் வைத்து வாசித்தேன், இரண்டும் பொருந்தின. பிழை என் கேள்வியில். சிவப்புப் பேனையால் போட்ட கோடுகளை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

சொல் தேடும் கேள்வியில் ஒன்றே ஒன்று. 'பாதுகாத்தல்' என்ற பொருளில் வினையின் மூல வடிவத்தைத் துப்பாகக் கொடுத்திருந்தேன், உரைப்பகுதியில் இருந்ததோ இறந்தகால வடிவம். சொல்லைச் சரியாகக் கண்டுபிடித்த பிள்ளை, துப்புக்கு ஏற்றபடி காலத்தை மாற்றி எழுதினாள். உரைப்பகுதியில் உள்ளபடி இல்லையே என்று புள்ளி வெட்ட எனக்கு முகமில்லை. துப்பும் விடையும் ஒரே காலத்தில் நிற்க வேண்டும்.

இனி மறுபக்கம், கடிதம்.

முதல் வாரம் ஒரு முழுக் கடிதத்தை அச்சிட்டு, இடையிடையே கோடு விட்டு, நிரப்பச் சொன்னேன். ஒன்பது பேர் அழகாக நிரப்பினார்கள். அடுத்த வாரம் வெறும் தாளைக் கொடுத்தபோது பெறுநர் முகவரி வலது மூலையில் ஏறியது, திகதி காணாமற்போனது, ஒரு பையன் தன் முகவரிக்கு மேலே தன் பெயரையும் எழுதி வைத்தான். நிரப்பும்போது எழுத்துகள் எங்கே நிற்கின்றன என்று அவர்கள் பார்க்கவே இல்லை. இடத்தைத் தாள் முடிவு செய்தது, அவர்கள் காலியிடத்துக்குச் சொல் போட்டார்கள்.

அதனால் ஒரு தாளை மூன்றாகப் பிரித்தேன். முதலாவதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் அது என்ன என்ற பெயர்: அனுப்புநர் முகவரி, திகதி, பெறுநர், விளிப்பு, விடயம், உடல், முடிப்பு, கையொப்பம், பெயர். இரண்டாவதில் அதே கட்டங்கள், பெயர்கள் இல்லை. மூன்றாவதில் கட்டங்களும் இல்லை, இடது ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு. ஒரு வகுப்புக்கு ஒன்று. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எல்லோரும் சறுக்கினார்கள். கட்டத்தின் உயரமே எத்தனை வரி என்று சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறது. அது போனதும் முகவரியை ஒரே வரியில் நீட்டி எழுதினார்கள். இடையில் இன்னொரு தாளைச் செருகினேன். அதில் கட்டங்களுக்குப் பதிலாக ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும். அது வேலை செய்தது.

எந்த வடிவம் சரி என்பதில் ஒரு சிக்கல் எழுந்தது. என் பதினொரு பேரும் நான்கு பள்ளிக்கூடங்களிலிருந்து வருகிறார்கள். சிலருக்கு அனுப்புநர் முகவரி வலப்பக்கம், சிலருக்கு எல்லாமே இடது ஓரத்தில். சிலர் முகவரியின் ஒவ்வொரு வரிக்கும் காற்புள்ளி இடுகிறார்கள், சிலர் இடுவதில்லை. எல்லாமே புழக்கத்தில் உள்ள முறைகள்தாம். என் வடிவத்தைத் திணித்தால் தவணைப் பரீட்சையில் பிள்ளைக்குத்தான் அடி. ஆகவே அவரவர் பள்ளிக்கூடத்தில் சொன்னபடி எழுதலாம், ஆனால் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்தால் புள்ளி போகும் என்று வைத்தேன். முகவரியின் முதல் வரியில் காற்புள்ளி இருந்தால் இரண்டாவதிலும் இருக்க வேண்டும்.

விளிப்புக்கும் முடிப்புக்கும் உள்ள உறவில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. பெயர் தெரியாமல் 'டியர் சேர்' என்று தொடங்கினால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி'. பெயர் சொல்லி 'டியர் மிஸ்டர் பெரேரா' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. சேர், சின்சியர்லி இரண்டும் எஸ் எழுத்தில் தொடங்குபவை, இரண்டு எஸ்ஸும் ஒரே கடிதத்தில் சேராது என்று சொல்லிக் கொடுத்தேன். அடுத்த நாளிலிருந்து மறக்கவில்லை. யுவர்ஸ் என்பதில் முதலெழுத்துப் பெரியது, அடுத்த சொல்லின் முதலெழுத்துச் சிறியது, எஸ்ஸுக்கு முன் மேலே தொங்கும் குறி கிடையாது. அந்தக் குறியை மட்டும் ஏழு பேர் போட்டிருந்தார்கள்.

ஒரு பிள்ளை எழுதாமல் பேனையை உருட்டிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். "டியர் என்றால் அன்புள்ள என்றுதானே ரீச்சர்? முன்பின் தெரியாத மனிதருக்கு எப்படி அப்படி எழுதுவது?" என்றாள். நியாயமான கேள்வி. தமிழில் ஐயா என்று தொடங்கி முடித்துவிடுகிறோம், அன்பைத் தெரிந்தவர்களுக்கு வைத்துக்கொள்கிறோம். ஆங்கிலக் கடிதத்தில் அந்தச் சொல் வாசற்படி மாதிரி, அதற்கு மேல் பொருள் இல்லை என்றேன். அரைமனதோடு எழுதினாள். தமிழ்ப் பழக்கம் வேறோர் இடத்திலும் எட்டிப் பார்த்தது. நலம், நலமறிய ஆவல் என்பதை ஆங்கிலமாக்கி, மாநகர ஆணையாளரிடம் நீங்கள் நலமா, நான் நலம் என்று மூன்று பேர் விசாரித்திருந்தார்கள். மாமிக்கு எழுதும் கடிதத்தில் அது இருக்கலாம். முறைப்பாட்டில் முதல் வசனமே எதற்காக எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

கடிதத்தின் பொருளை முதற் பக்கத்து உரைப்பகுதியிலிருந்தே எடுத்திருந்தேன்: உங்கள் வீதிக்குப் பின்னால் உள்ள சதுப்பு நிலத்தில் கட்டட இடிபாடுகளைக் கொட்டுகிறார்கள், மாநகர ஆணையாளருக்கு முறையிடு. விளைவு, உரைப்பகுதியின் வசனங்கள் அப்படியே கடிதத்துக்குள் வந்து உட்கார்ந்தன. பறவை கூடு கட்டும் மரம்கூட வந்தது. கிமுளை மீண்டும். கேள்வியை மாற்றினேன். எந்த வீதி, எப்போதிலிருந்து கொட்டுகிறார்கள், எந்த நாள் தண்ணீர் எங்கே ஏறியது என்ற மூன்றையும் பிள்ளையே உருவாக்கி எழுத வேண்டும். உரைப்பகுதியிலிருந்து ஒரே ஒரு காரணத்தை மட்டும் தன் சொல்லில் எடுக்கலாம். முதற் பந்தியில் யார், எதற்கு. இரண்டாவதில் நடந்தது. மூன்றாவதில் என்ன செய்யக் கேட்கிறாய். இப்போது வந்த கடிதங்களில் ஊர் தெரிந்தது. ஒருத்தி, மழை பெய்த மறுநாள் தம்பியைத் தூக்கிக்கொண்டு முச்சக்கரவண்டி வரை நடந்ததை இரண்டே வசனத்தில் எழுதியிருந்தாள். காலங்களில் பிழை இருந்தது. நான் வடிவத்துக்கும் செய்திக்கும் மொழிக்கும் தனித்தனியாகப் புள்ளி போடுவதால் அந்தப் பிழை மற்ற இரண்டையும் தின்னவில்லை.

ஒன்று மட்டும் மூன்று வாரமாகத் தீரவில்லை. முதற் தாளில் மாதிரிக்காக நான் போட்டிருந்த திகதியையே பாதிப் பேர் தங்கள் கடிதத்திலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பார்த்து எழுதுகிறார்களா, யோசித்து எழுதுகிறார்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான்காவது வாரம் மாதிரியில் திகதியை பெப்ரவரி 30 என்று மாற்றி, ஒன்றும் சொல்லாமல் தாளை நீட்டினேன். அன்று ஐந்து கடிதங்கள் பெப்ரவரி 30ஆம் திகதி எழுதப்பட்டன. ஆறாவதாகத் தாளைக் கொடுத்தவன் என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "ரீச்சர், நீங்கள் திகதியைப் பிழையாக அடித்திருக்கிறீர்கள்" என்றான்.